நீல டிக் விழுந்தும் பதில் வராத பகல்கள்: கல்ஃபில் ஆள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, குலசேகரம் என்று எந்தப் பக்கம் போனாலும் கல்ஃபில் ஆள் இருக்கிற வீடுகள் உண்டு. லீவில் வந்து கல்யாணம் முடித்து, ஒரு மாதமோ இரண்டு மாதமோ சேர்ந்து இருந்துவிட்டு மாப்பிள்ளை திரும்பிப் போய்விடுவார். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே போன் வழியாகத்தான். ஆளின் முகத்தை வைத்து மனநிலையைப் படிக்கும் அளவுக்குப் பழக்கம் வந்திருக்காது. அதனால் டிக், 'online', 'last seen' இவற்றை வைத்துப் படிக்கத் தொடங்குகிறோம். பகல் முழுக்க அதே நினைப்பாக ஓடுகிறது.

இந்தக் கட்டுரை அப்படிப் புதிதாகக் காத்திருக்கத் தொடங்கியவர்களுக்காக. மனைவியை முன்வைத்து எழுதியிருக்கிறேன். அங்கே ரூமில் படுத்துக்கொண்டு வீட்டிலிருந்து பதில் வரவில்லையே என்று புரள்கிற கணவருக்கும் இதே படிகள்தான்.

முதலில்: போன் உண்மையில் என்ன சொல்கிறது

வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் செய்தி உங்கள் போனை விட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான். இரண்டு சாம்பல் டிக் என்றால் அவருடைய போனுக்கோ, அதோடு இணைத்த வேறு கருவிக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டும் நீலமானால் அந்தச் சாட் திரையில் திறக்கப்பட்டது. செய்தியை நீண்ட நேரம் அழுத்தி 'Info' போய்ப் பார்த்தால் சேர்ந்த நேரமும் திறந்த நேரமும் தெரியும்.

இதற்கு மேல் போனுக்கு எதுவும் தெரியாது. சாட் ஏற்கெனவே திறந்து கிடந்த போனில் செய்தி வந்து விழுந்தாலும் நீலமாகும், அவர் கண் அதில் பட்டிருக்க வேண்டியதில்லை. அதேபோல் மேலே வருகிற நோட்டிஃபிகேஷனிலேயே முழுச் செய்தியையும் படித்துவிட்டால் டிக் சாம்பலாகவே நிற்கும். 'Settings', 'Privacy' போய் 'Read receipts' என்பதை அணைத்தவருக்கு, படித்தாலும் நீலம் விழாது. 'online' என்பது வாட்ஸ்அப் திறந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அவர் சூப்பர்வைசர் அனுப்பிய லொகேஷனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், டூட்டி குரூப்பில் நாளைய பஸ் நேரத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

பயம் பிடித்த நேரத்தில் டிக் எல்லாம் வாக்குமூலம் மாதிரித் தெரியும். அதனால்தான் இந்த விவரத்தை மனது தெளிவாக இருக்கும் ஒரு நாளில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது: அவருடைய கடிகாரத்தில் யோசியுங்கள்

துபாய், ஓமன் எல்லாம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். நாம் காலை ஏழேகாலுக்கு அனுப்பும் செய்தி துபாயில் ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேரும். கேம்பில் இருப்பவர் என்றால் குளியலறைக்கு வரிசையில் நிற்கும் நேரம் அது, அல்லது பஸ் ஏறும் நேரம்.

அவருடைய ஒரு நாளை அவரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: எப்போது எழுகிறார், பஸ் எப்போது, போனைக் கையில் எடுக்க விடாத வேலையா, சாப்பாட்டு இடைவேளை எத்தனை மணிக்கு, ரூமுக்கு எப்போது வருகிறார், சமையல் முறை எந்தக் கிழமை. பக்கத்திலேயே நம் நேரத்தையும் எழுதுங்கள். வெயில் காலத்தில் இந்தக் கணக்கு மாறும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். அந்த மாதங்களில் மதிய இடைவேளை நீளும், வேலை முடியும் நேரமும் அதற்கேற்பத் தள்ளிப்போகலாம். முன்பு ஆறரைக்குப் பதில் போட்டவர் இப்போது எட்டுக்குப் போடுகிறார் என்றால், காரணம் வெயிலாக இருக்கலாம்.

மூன்றாவது: நான்கு கட்ட நோட்டு

இந்த வழிகாட்டியில் உண்மையான வேலை இதுதான். மனப்பதற்றத்துக்கான பேச்சு சிகிச்சையில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் முறை இது. ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் தொடங்கிவைத்த சிகிச்சை வழியிலிருந்து வந்தது. பதற்றத்தில் இருக்கும் மனது செய்கிற தவறுகளில் இரண்டை அந்த வழியில் தனியாகப் பெயர் சொல்லிப் பார்ப்பார்கள். ஒன்று, அடுத்தவர் மனதில் இருப்பது தனக்குத் தெரியும் என்று முடிவுகட்டுவது. இன்னொன்று, இருக்கிற காரணங்களிலேயே மோசமானதை எடுத்துக்கொண்டு அதுதான் நடக்கும் என்று நம்புவது. பதில் வராத பகலில் இரண்டும் சேர்ந்தே வரும்.

பழைய நோட்டு ஒன்று போதும். நான்கு கட்டம் போடுங்கள். முதலில் அனுப்பிய நேரமும் செய்தியும். இரண்டாவதில் போன் சொன்னது மட்டும். மூன்றாவதில் மனது சொன்னது, அதை நூற்றுக்கு எத்தனை நம்புகிறீர்கள் என்ற எண்ணோடு. நான்காவது கட்டம் காலியாக இருக்கட்டும். உண்மை தெரிந்த பிறகுதான் அதை நிரப்ப வேண்டும்.

ஒரு நாளை வைத்துப் பார்ப்போம். கருங்கல் பக்கத்தில் ஒரு பெண், கல்யாணமாகி ஏழு மாதம். கணவர் துபாயில் ஏசி மெக்கானிக். காலை 7.15க்கு அவள் அனுப்புகிறாள்: "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்க. பணம் எப்போ அனுப்புவீங்க?" 7.22க்கு நீல டிக். பதில் இல்லை. 9.40க்கு 'online', அப்போதும் இல்லை. மதியம் 1.15க்குக் குடும்பக் குரூப்பில் மைனியின் பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்து போடுகிறார். அவளுக்கு மட்டும் பதில் இல்லை.

இரண்டாவது கட்டத்தில் அவள் எழுத வேண்டியது: "7.22 திறந்தது. 9.40 வாட்ஸ்அப்பில் இருந்தார். 1.15 குரூப்பில் வாழ்த்து." அவ்வளவே. "என்னை ஒதுக்குகிறார்" என்பதும் "வேண்டுமென்றே செய்கிறார்" என்பதும் மூன்றாவது கட்டத்துக்குரியவை. தொடக்கத்தில் எல்லோருமே இதைக் கலந்துவிடுவார்கள். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். அந்த வரியைத் திரையில் விரல் வைத்துக் காட்ட முடியுமா? முடிந்தால் இரண்டாவது, முடியாவிட்டால் மூன்றாவது.

மூன்றாவதில் அவள் எழுதுகிறாள்: "நேற்று ராத்திரி தூக்கம் வருகிறது என்று போனைச் சீக்கிரம் வைத்துவிட்டேன். அதற்குக் கோபம். 80." இதை இன்னும் கொஞ்சம் தெளிவாக்க வேண்டும். "ஏதோ கோபம்" என்று விட்டால் பிறகு எப்படியும் பொருத்திக்கொள்ளலாம், பொய்யாகவே ஆகாது. கோபம் என்றால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். "ராத்திரி கூப்பிடமாட்டார். கூப்பிட்டாலும் ரெண்டு வார்த்தையில் வைத்துவிடுவார்." இப்படி எழுதினால்தான் சரியா தப்பா என்று பின்னால் பார்க்க முடியும்.

அதற்குக் கீழே இதே டிக்குகளுக்குப் பொருந்துகிற வேறு காரணங்களை எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணோடு. பஸ் ஏறும்போது திறந்திருப்பார். பணம் கையில் இல்லை, யாரிடமாவது கேட்டுவிட்டுச் சொல்ல நினைத்திருப்பார். வேலை இடத்தில் போன் எடுக்க முடியவில்லை. எல்லா எண்ணும் சேர்ந்து நூறு ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 80 என்று நின்ற கோபத்துக்குக் கொஞ்சம் இடம் குறையும். கருங்கல் பெண்ணுக்கு அது 45 ஆனது. பூஜ்ஜியம் ஆகவில்லை, ஆகவும் வேண்டாம். கோபமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, அதை மறுக்கச் சொல்லவில்லை.

இரவு 8.50க்கு அவர் கூப்பிட்டார். சம்பளம் வர இன்னும் நாள் இருக்கிறது, மதியம் சூப்பர்வைசரிடம் அட்வான்ஸ் கேட்டிருக்கிறார், சாயங்காலம்தான் சரி என்று சொன்னார்களாம். "பணம் இருக்கா இல்லையான்னு தெரியாம உனக்கு என்ன பதில் போட" என்றாராம். அரை மணி நேரம் பேசினார்கள். இது நான்காவது கட்டத்துக்குப் போகிறது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. குரூப்பில் வாழ்த்து போட ஒரு நொடி போதும், யோசிக்க எதுவும் இல்லை. பணம், ஆஸ்பத்திரி, நிலம், லீவு என்று கேட்டால் அவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பதில் தாமதமாவது பெரும்பாலும் கேள்வியின் கனத்தால்தான். இரண்டு வாரம் நோட்டு எழுதிவிட்டு, உடனே பதில் வந்த செய்திகளையும் காத்திருக்க வைத்த செய்திகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானா என்று தெரிந்துவிடும்.

நோட்டு கெட்டுப்போவது ஒரே வழியில்தான்: பதில் வந்த பிறகு உட்கார்ந்து எழுதுவது. பதில் வந்ததும் "நான் அவ்வளவு பயப்படவில்லையே" என்று மனது எண்ணைக் குறைத்துவிடும். பதற்றம் இருக்கும்போதே எழுதுங்கள், இரண்டு வரி ஆனாலும் சரி.

நான்காவது: பார்ப்பதைத் தள்ளிப்போடுவது

நோட்டு எண்ணத்துக்கான மருந்து. கைக்கு வேறு வேலை வேண்டும். பயம் வந்ததும் போனை எடுக்கிறோம். பதில் இல்லை என்றால் பயம் ஏறுகிறது, இருந்தால் உடனே ஆறுதல். பத்தில் ஒரு தடவை, அதுவும் எந்தத் தடவை என்று தெரியாமல் கிடைக்கிற ஆறுதல்தான் கையைத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகச் செய்யும் பழக்கம்தான் விடுவதற்கு மிகக் கடினம் என்பதை ஸ்கின்னர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டன.

பார்க்கவே கூடாது என்று சபதம் எடுக்காதீர்கள், அது ஒரு நாள்கூட நிற்காது. பார்க்கும் நேரத்தை மட்டும் தள்ளிப்போடுங்கள். கை போனுக்குப் போகும்போது பதற்றத்துக்குப் பத்துக்குள் ஒரு எண் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்து போனை அடுத்த அறையில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்து வாருங்கள். முதலில் ஏறும். பிறகு, நீங்கள் பார்க்காமலேயே, பதில் வராமலேயே, இறங்கத் தொடங்கும். இந்த இறக்கத்தை நீங்களே பார்ப்பதுதான் முக்கியம், ஏனென்றால் பதில் வந்தால்தான் பயம் போகும் என்றே இதுவரை நம்பியிருக்கிறோம். சில நாள் கழித்து அரை மணி, அப்புறம் அவருடைய இடைவேளை நேரத்தில் ஒருமுறை, அவர் ரூமுக்கு வந்த பிறகு ஒருமுறை என்று கொண்டுவரலாம்.

போனைச் சைலண்டில் போடவேண்டாம். அழைப்பு வந்தால் கேட்க வேண்டும், கேட்கும் என்ற தைரியத்தில்தான் போனைத் தள்ளி வைக்கவே முடியும். அவருடைய செய்திக்கு மட்டும் தனி டோன் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பார்ப்பதை நிறுத்தியபின் அதே வேலையை வேறு உருவத்தில் செய்வோம், அதுதான் இங்கே பெரிய சிக்கல். ஸ்டேட்டஸ் ஒன்று போட்டு அவர் பார்த்தாரா என்று பட்டியலைத் திறப்பது. "சாப்டீங்களா?" என்று சும்மா ஒன்று அனுப்பி ஆழம் பார்ப்பது. மாமியாரிடம் "உங்களுக்குக் கூப்பிட்டாரா அத்தே?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பது. ரூமில் கூட இருக்கிறவரின் மனைவிக்குப் போன் போடுவது. அனுப்பிய செய்தியை அழிப்பது, அதுவும் அழித்த தடம் அந்தப் பக்கம் தெரியும், என்ன எழுதி அழித்தாள் என்று அவர் வேலை இடத்தில் நின்று யோசிப்பார். இவையெல்லாம் போனைப் பார்ப்பதற்குச் சமம். நோட்டில் இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: இரண்டாவது செய்தி, அப்புறம் ஒரு ஏற்பாடு

அவருடைய வேலை நாள் முடிந்தும் பதில் இல்லை என்றால் ஒரு செய்தி அனுப்பலாம், ஒன்றே ஒன்று. "பாத்துட்டும் பதில் இல்ல, சரி விடுங்க" என்று எழுதினால் அவர் பதில் சொல்ல வேண்டியது ஆபரேஷனைப் பற்றி அல்ல, உங்கள் மனவருத்தத்தைப் பற்றி என்று ஆகிவிடும். களைத்து வந்தவர் அதை நாளைக்குத் தள்ளுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: "ஆபரேஷனுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணும். உங்களால முடியுமா, இல்ல அண்ணன்கிட்ட கேக்கவா? தூங்குறதுக்கு முன்னால சொன்னாப் போதும்." கெடு இருக்கிறது, ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இருக்கிறது, பதில் எப்போது தேவை என்பதும் இருக்கிறது. காலையிலேயே இப்படி எழுதியிருந்தால் பாதிப் பகல் மிச்சம்.

ஏற்பாட்டை அவருடைய லீவு நாளில் பேசுங்கள். பதில் வராத கோபம் தலைக்கேறியிருக்கும்போது பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். மூன்று விஷயம் போதும். செய்தியைப் பார்த்தால், பதில் சொல்ல நேரம் இல்லாவிட்டாலும் அதன்மேல் அழுத்தி ஒரு கட்டைவிரல் போட்டுவிடுவது, அதற்கு அர்த்தம் "பார்த்தேன், ராத்திரி சொல்றேன்". அவசரம் என்றால் செய்தி அனுப்பாமல் சாதாரணப் போன் அழைப்பு, இரண்டு முறை அடுத்தடுத்து. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது என்பதால் இதை முன்கூட்டியே பேசி வைப்பது அவசியம். கடைசியாக, ரூமில் இன்னொருவரின் நம்பரும் கம்பெனி நம்பரும் ஒரு தாளில் வீட்டில் இருக்க வேண்டும். அது உண்மையான அவசரத்துக்கு மட்டும்.

நோட்டு பொருந்தாத மௌனங்கள்

சில மௌனத்துக்கு அர்த்தம் உண்டு. வாரக்கணக்கில் அழைப்பிலும் பேச்சு குறைந்து, கேட்ட கேள்விக்கு வழுக்கலாகவே பதில் வந்து, வீட்டுச் செலவும் நின்றுபோனால், அதை நீங்கள் கற்பனை செய்யவில்லை. சண்டைக்குப் பிறகு தண்டனையாகவே நாள்கணக்கில் பேசாமல் இருப்பதும் அப்படித்தான். நோட்டின் நான்காவது கட்டத்தில் உங்கள் பயம் திரும்பத் திரும்பச் சரியாகவே வந்தால், பயத்தைக் குறைக்கும் வேலையை நிறுத்திவிட்டு நேராகப் பேச வேண்டும், தேவைப்பட்டால் இருவீட்டுப் பெரியவர்களை வைத்து.

ஆள் கிடைக்கவே இல்லை, ஒற்றை டிக்கிலேயே ஒரு நாளுக்கு மேல் நிற்கிறது, சாதாரண அழைப்பும் போகவில்லை, ரூமில் இருப்பவர்களுக்கும் தெரியவில்லை என்றால் அந்தத் தாளை எடுங்கள். கம்பெனியைக் கூப்பிடுங்கள், அதிலும் வழி இல்லை என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகம். வெளியுறவு அமைச்சகத்தின் 'MADAD' தளத்திலும் புகார் பதியலாம்.

கடற்கரை வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கமிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் ஒரு மாதம், அதற்கு மேலும் கடலில் இருப்பார்கள். கரையை விட்டுச் சில மைல் போனால் டவர் போய்விடும், ஒற்றை டிக் அங்கே இயல்பு. சேராத செய்தியை வாட்ஸ்அப் 30 நாள் வரைதான் வைத்திருக்கும், அப்புறம் அழித்துவிடும். அதனால் நீங்கள் முதல் வாரம் அனுப்பியது அவர் கரை வரும்போது கிடைக்காமலே போகலாம், அதைப் படித்துவிட்டுப் பதில் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் கதை வேறு. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு இந்த ஊர்களில் யாரிடமும் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அப்போது டிக்கைப் பார்க்க வேண்டாம். போட்டுக்காரரிடமும், வயர்லெஸ் வைத்திருப்பவர்களிடமும், மீன்வளத்துறையிடமும் கேளுங்கள். கடலில் ஆபத்து என்று தெரிந்தால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

மேலே சொன்னதைச் செய்து பார்த்தும் பெரும்பாலான நாள்களில் தூக்கம் கெடுகிறது, சோறு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, பிள்ளையைக் கவனிக்க முடியவில்லை என்று வாரங்கள் ஓடினால் ஆள் துணை தேவை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் போக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்த நேரத்தில் அதிகம் என்று டாக்டர் முதலில் கேட்பவை எல்லாம் அதில் ஏற்கெனவே எழுதியிருக்கும்.